பல் கிளினிக் நேரப் புத்தகம்: 30 நிமிடம் ஏன் போதாது?

ஹட்டன் டவுனில் ஒரு பல் கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் அடைக்கும் பத்துப் பேருக்கு, கதிரையில் உட்கார்ந்ததிலிருந்து அதைத் துடைத்து அடுத்தவரைக் கூப்பிடும் வரை ஆன நிமிடங்கள்: 20, 22, 25, 25, 26, 28, 30, 34, 35, 50. சராசரி ஏறக்குறைய 30. ஆனால் 30 கொடுத்தால் மூன்று பேர் இழுத்துவிடுவார்கள். பத்தில் எட்டுப் பேராவது முடியும் நேரத்தை எடுங்கள்: 34, கணக்குக்கு வசதியாக 35 நிமிடம்.

ஒவ்வொருவருக்கும் பின்னால் ஐந்து நிமிடம் விடுவது வீண். அது பேச்சிலேயே கரைந்துவிடும். மூன்று பேருக்கு ஒருமுறை 15 நிமிடம் மொத்தமாக விடுங்கள். 9.00, 9.35, 10.10, பிறகு 10.45இலிருந்து 11.00 வரை வெறுமை. அந்த 50 நிமிடக்காரர் வந்தாலும் 11 மணிக்காரர் காத்திருக்க மாட்டார். அவசர வலிக்காரரை அங்கே நுழைத்தால் மட்டும் கணக்குக் குழம்பும். அவர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு நேரம் வையுங்கள்.

காலை முதல் நேரத்தை டவுன்காரருக்கே கொடுங்கள். தோட்டத்து பஸ் பிந்தினால் அன்றைய வரிசை முழுக்கத் தள்ளிப்போகும்.

ஒரே நேரத்துக்கு இருவர் வருவது பெரும்பாலும் ஃபோனில் சொன்னதைத் துண்டுக் காகிதத்தில் குறிப்பதால்தான். புத்தகம் ஒன்றே இருக்கட்டும். தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் எழுதுங்கள்.