ரெப்போவில் மறைந்திருக்கும் வட்டி: கணக்கு தவறும் இடங்கள்

மறுகொள்முதல் ஒப்பந்தத்தில், அதாவது ரெப்போவில், வட்டி விகிதம் எப்போதும் வெளிப்படையாகத் தெரியாது. ஒருவர் பத்திரத்தை ஒரு விலைக்கு விற்கிறார். குறித்த நாளில் வேறொரு விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொள்கிறார். ஆவணத்தில் விற்பனை என்று இருந்தாலும் உள்ளே நடப்பது கடன்தான். பத்திரத்தை வாங்குபவர் கடன் கொடுப்பவர். பத்திரம் அவர் கையில் இருக்கும் ஈடு. இரண்டு விலைகளுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குக் கிடைக்கும் வட்டி. அதை ஆண்டு விகிதமாக மாற்ற இந்த ஒரு வரி போதும்:

```
r = (R - S) / S × (360 / n)
```

S விற்பனை விலை, R திரும்ப வாங்கும் விலை, n நாட்கள். ஓர் உதாரணம்: விற்பனை விலை 90,00,000, திரும்ப வாங்கும் விலை 90,45,000, காலம் 30 நாட்கள். வித்தியாசம் 45,000. அதை 90 லட்சத்தால் வகுத்தால் 0.5 சதவீதம், 360/30, அதாவது 12 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 6 சதவீதம். இவ்வளவு எளிய கணக்கு எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் எதனால் வகுக்கிறோம் என்பதில்தான். மேலே சொன்ன பேரத்தில் ஈடாக வந்த பத்திரத்தின் சந்தை மதிப்பு 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தின் விலை சரிந்தாலும் தன் பணம் பாதுகாப்பாக இருக்க, கடன் கொடுப்பவர் 10 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு 90 லட்சம்தான் தருகிறார். இந்தக் கழிவைத்தான் சந்தையில் ஹேர்கட் என்பார்கள். இப்போது 45,000-ஐ 1 கோடியால் வகுத்தால் விகிதம் 5.4 சதவீதம் என்று வரும். இது தவறு. கடன் கொடுத்தவர் கையை விட்டுப் போனது 90 லட்சம். அவருடைய வருமானத்தை அதன் மீதுதான் அளக்க வேண்டும். ஹேர்கட் அவருடைய ஆபத்தைக் குறைக்கும், முதலீட்டைப் பெரிதாக்காது.

வகுக்கும் எண்ணாகத் திரும்ப வாங்கும் விலையைப் போடுவதும் இதே வகைப் பிழைதான். 45,000-ஐ 90,45,000 ஆல் வகுத்தால் 5.97 சதவீதம் கிடைக்கும். கருவூல உண்டியல்களில் முதிர்வுத் தொகையின் மீது தள்ளுபடி விகிதம் கணக்கிட்டுப் பழகியவர்கள் கை தானாக இப்படிப் போகிறது. அந்த அளவுகோல் அங்கே சரி. ரெப்போ வட்டி, கொடுத்த பணத்தின் மீது சொல்லப்படுவது. குறுகிய காலத்தில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி கண்ணில் படாத அளவுக்குச் சிறியது, அதனால்தான் இந்தப் பிழை பல காலம் பிடிபடாமல் கிடக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம்: ஈடாக வந்த பத்திரம் 8 சதவீதம் ஈட்டினால் கடன் கொடுப்பவருக்கு 8 சதவீதம் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. பத்திரத்தின் லாப நட்டம் அதை விற்றவருக்கே. கடன் கொடுப்பவருக்கு ரெப்போ வட்டி மட்டும்தான்.

அடுத்தது நாட்கள். விடுமுறைகளையும் சேர்த்து நாட்காட்டி நாட்களை எண்ண வேண்டும். தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டில் ஒன்றை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். 30 நாள் பேரத்தில் ஒரு நாள் கூடினால் 6 சதவீதம் 5.81 ஆகும், அவ்வளவுதான். ஓரிரவுக் கடனில் இந்தப் பிழை விகிதத்தையே பாதியாக்கிவிடும். வெள்ளிக்கிழமை தொடங்கித் திங்களன்று முடியும் பேரம் ஒரு வணிக நாள் போலத் தோன்றும். 90,00,000 கொடுத்து 90,04,500 திரும்பி வந்தால், ஒரு நாள் என்று எண்ணுபவருக்கு 18 சதவீதம் கிடைக்கும். உண்மையில் 3 நாட்கள். விகிதம் 6 சதவீதம்.

360-ஆ 365-ஆ என்பது நாணயத்தைப் பொறுத்தது. டாலர், யூரோ ரெப்போக்களில் ஆண்டுக்கு 360 நாட்கள். பவுண்டிலும் இந்திய ரூபாயிலும் 365. நம் உதாரணத்தில் 365 போட்டால் 6.08 வரும். பணம் ஒன்றுதான், சொல்லும் முறை வேறு. அதனால் இரண்டு சந்தைகளின் விகிதங்களை ஒப்பிடும்போது முதலில் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவர வேண்டும். கூட்டு வட்டியாக மாற்றி 6.17 என்று எழுதுவதும் இங்கே பொருந்தாது. ரெப்போ விகிதம் தனி வட்டியாகவே சொல்லப்படும்.

எனக்கு மிகவும் சிக்கலாகப் படுவது கூப்பன், அதாவது பத்திரம் குறித்த நாட்களில் தரும் வட்டி. செல் பை-பேக் என்ற வகையில், நடுவில் வரும் கூப்பன் கடன் கொடுப்பவரிடமே தங்கிவிடும். அதற்கு ஈடாகத் திரும்ப வாங்கும் விலையைக் குறைத்துவிடுவார்கள். அதே 90 லட்சம், 30 நாட்கள், 6 சதவீதம். 10-ஆவது நாளில் 2,00,000 கூப்பன் வருகிறது. மீதி 20 நாட்களுக்கு அந்தப் பணத்துக்கு 6 சதவீதத்தில் 667 வட்டி. ஆகவே திரும்ப வாங்கும் விலை 90,45,000 இலிருந்து 2,00,667 குறைந்து 88,44,333 ஆகிறது.

விலைகளை மட்டும் பார்ப்பவருக்குக் கடன் கொடுத்தவர் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் இழந்ததாகத் தெரியும். கூப்பனை மட்டும் கூட்டிக்கொண்டால் 5.91 வரும். கிட்ட வந்துவிட்டது, ஆனால் சரியில்லை. 10-ஆவது நாளிலேயே 2 லட்சம் அவர் கைக்குத் திரும்பிவிட்டது, மீதி நாட்களில் அந்த அளவுக்குக் கடன் குறைந்துவிட்டது. அதையும் சேர்த்தால் சூத்திரம் இப்படி ஆகும் (C கூப்பன், m கூப்பன் வந்த பின் மீதமுள்ள நாட்கள்):

```
r = 360 × (R + C - S) / (S × n - C × m)
```

மேலே 360 × 44,333 = 1.596 கோடி. கீழே 27 கோடியில் 40 லட்சம் கழித்து 26.6 கோடி. வகுத்தால் சரியாக 6 சதவீதம்.

கூப்பனே வராவிட்டாலும் விலையைப் பார்க்கும் முறையில் இதே மாதிரி ஏமாற இடம் உண்டு. கடைசிக் கூப்பனுக்குப் பின் சேர்ந்த வட்டி நீங்கலாகச் சொல்லப்படும் விலை கிளீன் விலை; கைமாறும் முழுப் பணம் டர்ட்டி விலை. முக மதிப்பு 100, கூப்பன் 8 சதவீதம் உள்ள ஒரு பத்திரம் 89 என்ற கிளீன் விலையும் 1 சேர்ந்த வட்டியுமாக 90-க்கு விற்கப்படுகிறது. 30 நாளில் சேர்ந்த வட்டி 1.67 ஆகிறது, 6 சதவீதத்துக்குத் திரும்ப வாங்க வேண்டிய முழுப் பணம் 90.45. அப்படியானால் கிளீன் விலை 88.78. கிளீன் விலைகளை மட்டும் சூத்திரத்தில் போட்டால் மைனஸ் 2.9 சதவீதம் வரும், பேரத்தில் எந்தக் குறையும் இல்லாதபோதே.

எதிர்மறை விடை வந்தால், அது பிழைதான் என்றும் சொல்லிவிட முடியாது. 2016 ஆண்டு இறுதியில் ஜெர்மன் அரசுப் பத்திரங்களை ஈடாகக் கொண்ட ரெப்போ விகிதங்கள் பூஜ்யத்துக்கு வெகு கீழே போயின. அந்தப் பத்திரத்தைச் சில நாட்கள் கையில் வைத்திருப்பதற்கே கடன் கொடுப்பவர்கள் விலை கொடுத்தார்கள். நடுவில் கூப்பன் இல்லை, இரண்டு விலைகளும் டர்ட்டி விலைகள், நாட்களும் சரி, அப்போதும் மைனஸ் வந்தால் அந்த எண்ணை நம்பலாம்.