வேலை ஒப்பந்த வரைவை விலகும் நாளிலிருந்து படிப்பது எப்படி?

வேலையில் சேரும் ஆர்வத்தில் படிக்கும்போது எந்த ஒப்பந்த வரைவும் நல்லதாகவே தெரியும். பிரச்சினைக்குரிய ஷரத்துகள் பெரும்பாலும் ராஜினாமா கொடுக்கும் நாளில்தான் வேலை செய்யத் தொடங்கும் என்பதால், அந்த நாளை மனதில் வைத்து வரைவைப் படிப்பதே நல்லது. எடுத்துக்காட்டாக, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் சி.டி.சி. என்று வரைவு அனுப்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் படி: சம்பளத்தைப் பிரித்து எழுதுங்கள்

மற்ற ஷரத்துகளில் வரும் தொகைகள் சம்பளத்தைப் பொறுத்தே அமைவதால், வரைவின் கடைசியில் இருக்கும் சம்பள இணைப்பை முதலில் எடுங்கள். சி.டி.சி.யை மாதக் கணக்கில் பார்த்தால் வரும் 40,000 ரூபாய் என்பது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவுதான். உங்கள் கைக்கு வரும் பணம் அன்று. நம் வரைவில் அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய். இலக்கை எட்டுவதைப் பொறுத்துத் தரப்படும் வேரியபிள் பே ஆண்டுக்கு 48,000, அதாவது மாதக் கணக்கில் 4,000 ரூபாய். பி.எஃப். கணக்கிடுவதற்கான 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பின்படி நிறுவனம் செலுத்தும் 12 சதவீத பி.எஃப். 1,800 ரூபாய். கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 962 ரூபாய். வேரியபிள் பே, பி.எஃப்., கிராஜுவிட்டி ஆகிய மூன்றையும் 40,000-இலிருந்து கழித்தால் மொத்தச் சம்பளம் 33,238 ரூபாய். அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போனால் 31,438 ரூபாய் மிஞ்சும். உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கும் தொழில் வரியும் இதிலிருந்தே பிடிக்கப்படும்.

இதில் தெளிவற்ற பகுதி வேரியபிள் பேதான். யார் மதிப்பிடுவார்கள், எந்த இலக்கை வைத்து, எந்த மாதத்தில் தருவார்கள் என்ற மூன்றுக்கும் வரைவில் பதில் இருக்க வேண்டும். "வழங்கும் நாளில் பணியில் இருப்பவருக்கு மட்டும்" என்றோ "நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்கு இல்லை" என்றோ ஒரு வரி இருந்தால், பதினோரு மாதம் உழைத்துவிட்டு விலகுபவருக்கும் அந்த 48,000 ரூபாய் கிடைக்காமல் போகலாம்.

இரண்டாம் படி: நோட்டீஸ் காலத்தை இரு பக்கமும் பாருங்கள்

நம் வரைவில் ஊழியர் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நிறுவனமோ 30 நாள் தந்தால் போதும். இந்த ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்தக் கேட்கலாம். அதைவிட முக்கியமானது, நோட்டீஸுக்குப் பதிலாகப் பணம் கட்டிவிட்டு முன்கூட்டியே விலகும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்பது. "நிறுவனத்தின் முழு விருப்பத்தின்படி" என்று எழுதியிருந்தால், உங்கள் கையில் பணம் இருந்தும் பயனில்லை. 30 நாளில் வந்து சேரச் சொல்லும் அடுத்த நிறுவனம் காத்திருக்காது.

கட்ட வேண்டிய தொகை எந்தச் சம்பளத்தில் கணக்கிடப்படும் என்பதையும் தேடுங்கள். அடிப்படைச் சம்பளம் என்றால் மூன்று மாதத்துக்கு 60,000 ரூபாய். மொத்தச் சம்பளம் என்றால் 99,714 ரூபாய். வரைவில் வெறுமனே "நோட்டீஸ் பே" என்று மட்டும் இருந்தால், இந்த இரண்டில் எது என்பது விலகும்போதுதான் தெரியவரும்.

மூன்றாம் படி: போட்டித் தடையின் எல்லையை அளந்து பாருங்கள்

"விலகிய ஓராண்டுக்குப் பின்னலாடைத் தொழிலில் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடக் கூடாது" என்கிறது நம் வரைவு. திருப்பூரில் இருக்கும் ஒரு மெர்ச்சண்டைசருக்கு இது ஊரைவிட்டே போ என்று சொல்வதற்குச் சமம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவின்படி, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்தத் தடையைப் பொறுத்தவரை செல்லாததாகிவிடும். வேலையை விட்ட பிறகும் நீளும் இத்தகைய தடையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் வேலையில் இருக்கும்போதே போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது என்ற தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. வாடிக்கையாளர் விவரங்களையும் விலைக் கணக்குகளையும் வெளியிடக் கூடாது என்ற இரகசியக் காப்பு ஷரத்தும் வேறு. அதை 27-ஆம் பிரிவைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது.

"செல்லாததுதானே" என்று கண்ணை மூடிக் கையெழுத்திடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீதிமன்றத்தில் நிற்காத ஷரத்தும் வக்கீல் நோட்டீஸாக வந்து, ரிலீவிங் லெட்டரைத் தாமதப்படுத்தப் போதுமானது. நீங்கள் நேரடியாகக் கையாண்ட பையர்களை ஆறு மாதத்துக்கு அணுகக் கூடாது என்று அதைச் சுருக்கித் தரக் கேளுங்கள்.

நான்காம் படி: எழுத்தில் கேளுங்கள்

கொங்குப் பகுதியில் பல வேலைகள் தெரிந்தவர் மூலமாகவே வருவதால், கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். ஆகவே கோரிக்கையாக எழுதாமல் தெளிவுக்கான கேள்வியாக எழுதுங்கள்: "12-ஆம் ஷரத்தில் உள்ள நோட்டீஸ் பே அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடப்படும் என்று புரிந்துகொள்கிறேன், அவ்வாறே வரைவில் சேர்த்துத் தர இயலுமா?" அவர்கள் தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கலாங்க" என்றால், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். அதோடு நிறுத்தாமல், திருத்திய வரைவையும் கேட்டு வாங்குங்கள். ஏனெனில், பெரும்பாலான வரைவுகளின் இறுதிப் பக்கத்தில், இதற்கு முன் பேசியது, எழுதியது எதுவும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது என்று ஒரு ஷரத்து இருக்கும்.