தீபாவளிக்கு முந்தின ராத்திரி: அம்மா வைத்த தொப்பி மருதாணி

அம்மா இருந்தவரை, தீபாவளிக்கு முந்தின ராத்திரி எங்கள் வீட்டில் யாருக்கும் கை இருக்காது. கும்பகோணம் பக்கத்துக் கிராமம். சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் வரிசையாக உட்கார வைத்து மருதாணி வைப்பாள். அதன்பிறகு மூக்கு அரித்தால்கூட அவளைத்தான் கூப்பிட வேண்டும். அவள் போன பிறகு மூன்று தீபாவளிக்குக் கடைக் கோன்தான். இந்த வருஷம் என் மகள், "அம்மாச்சி எப்படிம்மா வைப்பாங்க?" என்று கேட்டாள். சொல்லிப் பார்த்தேன், வாய் தடுமாறியது. சரி, செய்தே காட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

1. இலை

இரண்டு பேருக்கு, இரண்டு கைக்கும் வைக்க, நான்கு கைப்பிடி இலை போதும். கிளை நுனியில் இருக்கும் இளம் இலையாகப் பறியுங்கள். நிறம் அதில்தான் அதிகம். அடிக்கிளையில் முள் இருக்கும், கவனம். அலசிவிட்டுத் துணியில் பரப்பி ஈரம் போகக் காயவிடுங்கள். வெயில் வேண்டாம்.

2. அரைப்பது

ஆடி மாதம் ஒத்திகை பார்த்தபோது நான் தோற்றது இங்கேதான். மிக்ஸி சுற்றவில்லை என்று அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். விழுது மணிக்கட்டு வரை வழிந்தது. காலையில் கையில் வெளிறிய மஞ்சள் மட்டும். தண்ணீர் கூடினால் சாயம் நீர்த்துப் போகும், விழுதும் தோலோடு ஒட்டி நிற்காது.

அம்மா அம்மியில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் அரைப்பாள். அதையே மிக்ஸியில் செய்தேன். பாதி கொட்டைப்பாக்கை முதலில் இடித்துப் பொடியாக்கிக்கொண்டேன். அதோடு இலை, சுண்டைக்காய் அளவு புளி, ஆறிய டீ டிகாக்‌ஷன் இரண்டு ஸ்பூன். ஓட்டி நிறுத்தி, ஓரத்தை வழித்து, மறுபடி ஓட்டி, பத்து நிமிஷம் ஆனது. பாக்கு அம்மாவின் வழக்கம். புளிப்புக்குக் காரணம் உண்டு: இலையிலிருந்து சாயம் நன்றாக இறங்க அது உதவும்.

உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் நரம்பு தட்டுப்படக் கூடாது. அதுதான் பதம். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்துப் பத்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள். லேசான ஆரஞ்சு தெரிந்தால் இலை நல்ல இலை.

3. வைப்பது

கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது. நெல்லிக்காய் அளவு விழுதை விரல் நுனியில் வைத்து, நகத்தை மூடி முதல் கணு வரை அழுத்தி இறக்குங்கள். அதுதான் தொப்பி. உள்ளங்கை நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவு வட்டம், சுற்றிலும் பொட்டுகள். வேறு கோலம் எதுவும் அம்மா வைத்ததில்லை. உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் அங்கே நன்றாகச் சிவக்கும், புறங்கையில் மங்கல்தான்.

சளி பிடித்தவர்களுக்கு அன்று வேண்டாம், குளிரும். கைக்குழந்தைகளுக்கு வைக்கவே வைக்காதீர்கள். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைக்கு மருதாணி அந்த அணுக்களை உடைத்துவிடலாம். ஒரு மணி நேரத்தில் கருப்பாகும் 'கருப்பு மருதாணி'யும் வேண்டாம். அதில் தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கும், தோல் கொப்பளிக்கலாம்.

4. விடிகாலை

எண்ணெய்க் குளியலுக்கு விடியுமுன் எழ வேண்டும், அதனால் ராத்திரி எட்டு மணிக்குள் வைத்துவிடுங்கள். காலையில் தண்ணீர் படாமல் உதிர்த்து, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுத்தான் குளியல். அப்போது ஆரஞ்சு நிறமாகத்தான் இருக்கும். என் மகள் முகம் வாடிவிட்டது. காற்றுப்பட்டு நிறம் ஏற ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். மறுநாள் காலையில் அவள் விரல்கள் கருஞ்சிவப்பு.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். எல்லோருக்கும் வைத்த பிறகு அம்மா மிச்ச விழுதைத் தன் இடது கைக்கு வைத்துக்கொள்வாள். வலது கை வெறுமைதான். வைத்துவிட ஆளில்லை, மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டவும் வேண்டும். அரைத்த சிவப்பு மட்டும் அந்தக் கையில் திட்டுத்திட்டாக இருக்கும். நானும் இடது கையோடு கிண்ணத்தை மூடப்போனேன். மகள் தன் தொப்பிகளை நிமிர்த்திப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கைக்கு?"

"யாருடி வைப்பா?"

தன் வலது கைத் தொப்பிகளை உதிர்த்துவிட்டு எனக்கு வைக்க ஆரம்பித்தாள். கோணல் மாணலாக ஐந்து தொப்பி. முடித்த உடனே எனக்கு மூக்கு அரித்தது.


"கிட்ட வாம்மா" என்றாள்.