ஐந்தாறு பிள்ளை பெற்றவருக்கு அடுத்த பிரசவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“எல்லாமே சுகப்பிரசவம்தானே, இதுவும் அப்படியே ஆகிவிடும்” என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஐந்து அல்லது அதற்கு மேல் பெற்ற பெண்ணுக்கு முந்தைய பிரசவங்கள் தந்த தைரியத்தை நம்ப முடியாது.

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்து வந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்து கிடக்கும். கர்ப்பப்பைத் தசை இறுகித்தான் அவற்றை நெரித்து மூட வேண்டும். பலமுறை விரிந்த கர்ப்பப்பை சில சமயம் சரியாக இறுகாது. நிறைமாதத்தில் அங்கே நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்வதால், சில நிமிடத் தாமதமே ஆபத்தாகிவிடும்.

அடுத்த தவறு, ஹீமோகுளோபினைக் கடைசி மாதங்களில் பார்ப்பது. ஆறாவது முறை கர்ப்பமான ஒருவர் 33ஆவது வாரத்தில் முதல்முறை பரிசோதிக்கிறார், அளவு 8 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பக் காலத்தில் பொதுவாக 11 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை நன்றாக வேலை செய்தாலும் ஒரு மாதத்தில் ஒன்றிரண்டு கிராம்தான் ஏறும். அதற்குள் வலி வந்துவிடலாம். அதனால் மருத்துவர் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றச் சொல்லலாம். அதுவும் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். இதையே 12ஆவது வாரத்தில் கண்டுபிடித்திருந்தால் மாத்திரையே போதுமானதாக இருந்திருக்கும். அரை லிட்டர் ரத்தம் போனால் 12 கிராம் உள்ளவர் பெரும்பாலும் சமாளித்துவிடுவார். 8 கிராம் உள்ளவருக்கு அதே இழப்பு உயிருக்கே உலையாகலாம்.

மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிடுபவர்களும் உண்டு. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்த வேண்டாம், அது இரும்பின் நிறம்தான். குமட்டினால் இரவில் போட்டுப் பாருங்கள். டீ, காபி, கால்சியம் மாத்திரை மூன்றும் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எங்கே பிரசவம் என்பதையும் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். ரத்தம் ஏற்றவும் அறுவை சிகிச்சை செய்யவும் வசதியுள்ள இடமாக இருக்கட்டும். பல பிள்ளை பெற்றவர்களுக்குப் பிரசவம் சட்டென்று முடிந்துவிடக்கூடும், வலி ஆரம்பித்ததுமே கிளம்புங்கள். இது எத்தனையாவது பிரசவம், முன்பு ரத்தப்போக்கு இருந்ததா, ரத்த வகை என்ன என்பதைப் போனவுடனே சொல்லுங்கள். குழந்தை பிறந்த உடனே போடும் ஆக்ஸிடோசின் ஊசியை வேண்டாம் என்று சொல்லவே கூடாது, கர்ப்பப்பையை இறுக வைப்பது அதுதான். வலி வருவதற்கு முன்பே, வலியே இல்லாமல் ரத்தம் போனாலும் காத்திருக்காதீர்கள். நஞ்சு கீழே இறங்கி இருக்கலாம்.

குழந்தை வந்ததும் எல்லோரும் குழந்தையைச் சுற்றி நின்றுவிடுவார்கள். ஒருவராவது தாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுவதும் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக ரத்தம் வந்தாலோ, தலைசுற்றி உடம்பு சில்லென்று வியர்த்தாலோ உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். சிறுநீரை அடக்க விடாதீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை சுருங்க முடியாமல் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.