வயலின் பாடப் பதிவிலிருந்து குறிப்பு எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

பாளையங்கோட்டையில் என்னிடம் வயலின் படிக்கிறவர்களில் பாதிப் பேர் பாடத்தை போனில் பதிவு செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பாடம் முடிந்து, அம்பாசமுத்திரம் பக்கம் போகிற பிள்ளைகள் ரயிலிலேயே அதைக் கேட்டு நோட்டில் எழுதியும் விடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் மறுவாரம் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தால், நான் சொன்னது எல்லாம் இருக்கும், திருத்த வேண்டியது மட்டும் இருக்காது.

ஒரு மாணவியின் நோட்டையே எடுத்துக்கொள்வோம். மோகன ராகத்தில் ஆதி தாள வர்ணம். அவர் எழுதியிருந்தது இது: "8வது நிமிடம்: மேல் காந்தாரம் சுருதி குறைவு. 15வது நிமிடம்: தைவதம் சுருதி கூடுதல். 26வது நிமிடம்: இரண்டாம் காலத்தில் தாளம் பின்தங்குகிறது." மூன்றும் நான் சொன்னவைதான். ஆனால் இந்தக் குறிப்பை வைத்துப் பயிற்சி செய்தால் காந்தாரத்துக்கு விரலை மேலே தள்ளுவார், தைவதத்துக்குக் கீழே இழுப்பார், தாளத்துக்காக வேகத்தைக் கூட்டுவார். மூன்றுமே வீண்.

மூன்று புகாரும் ஒரே இடத்தில், 'ஸ ரி க ரி ஸ த' என்று மேல் ஸ்தாயிக்குப் போய் இறங்கும் பிடியில் வந்தவை. பஞ்சமத் தந்தியில் அந்தக் காந்தாரத்துக்குப் போக கை முழுதும் மேலே நகர வேண்டும். கட்டைவிரல் வயலினின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தால் கை தயங்கும். அதனால் காந்தாரம் குறையும். இறங்கும்போதும் அதே தயக்கம்தான். கை முழுசாகத் திரும்பி வராததால் தைவதம் கூடிவிடும். இரண்டாம் காலத்தில் அந்தத் தயக்கமே தாளத்தில் தாமதமாகத் தெரியும். பதிவின் 31வது நிமிடத்தில் நான் "கட்டைவிரலை எதுக்கும்மா அந்த அமுக்கு அமுக்குத?" என்று கேட்டது பதிவாகியிருக்கிறது. அதை அவர் எழுதவே இல்லை, அது சும்மா ஒரு கண்டிப்பு என்று நினைத்துவிட்டார்.

ஆகவே வரிசையாக எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிடக் கூடாது. ஒரே பிடியில் எத்தனை புகார் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஆசிரியர் கை, தோள், வில் பற்றி எங்காவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். தேடி எடுத்து அதை முதல் வரியாக எழுத வேண்டும்.

இன்னொன்று, பேச்சை மட்டும் எழுதுவது. பல திருத்தங்களை நாங்கள் வாயால் சொல்வதே இல்லை. வாசித்துக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். நீங்கள் வாசித்த உடனே ஆசிரியர் அதே பிடியைத் திரும்ப வாசித்திருந்தால் அதுவும் ஒரு திருத்தம். அந்த நிமிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். போன் அழைப்பு வழியாக நடக்கும் பாடமென்றால் எச்சரிக்கை தேவை. இரைச்சலைக் குறைக்கும் வசதி தொடர்ந்து ஒலிக்கும் சுருதிப் பெட்டியின் ஒலியையே அழித்துவிடலாம். தாளமும் தாமதமாக வந்து சேரும். அந்தப் பதிவை வைத்து சுருதி, தாளத்தைப் பற்றி முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து வாரத் திட்டம். "வர்ணம் தினமும் பத்து முறை" என்று எழுதுவது திட்டமே அல்ல. பத்து முறையும் கட்டைவிரல் அமுக்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த மாணவிக்கு மாற்றி எழுதிய திட்டம் இப்படி:

திங்கள், செவ்வாய் வர்ணமே வேண்டாம். ஒரே வில்லில் தைவதத்திலிருந்து மேல் காந்தாரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும், மெதுவாக, பத்து நிமிடம். கை சரியாகத் திரும்பியதா என்று காது மட்டும் சொன்னால் போதாது. தைவதத்தில் நின்றபடி மூன்றாம் விரலில் மேல் ஷட்ஜத்தை வைத்து, பக்கத்தில் உள்ள ஷட்ஜத் தந்தியையும் சேர்த்து இழுத்துப் பார்க்கலாம். இரண்டும் கலந்து ஒரே குரலாக நின்றால் கை வந்துவிட்டது, உதறினால் வரவில்லை. புதன், வியாழன் அந்தப் பிடி உள்ள ஆவர்த்தனம் மட்டும் முதல் காலத்தில். வெள்ளிக்கிழமை இரண்டாம் காலம், ஆனால் முந்தைய சோதனை தொடர்ந்து சரியாக வந்தால்தான். இல்லாவிட்டால் முதல் காலத்திலேயே இருக்கட்டும், அவசரமில்லை.

சனிக்கிழமை அதே பிடியைப் பதிவு செய்து, பாடப் பதிவில் ஆசிரியர் வாசித்த இடத்தோடு அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். காந்தாரம் இன்னும் குறைகிறதென்றால், எந்த வேகத்தில் குறையத் தொடங்குகிறது என்பதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பாடம் அங்கிருந்தே தொடங்கும்.