மருந்து லேபிள்ல பாயின்ட் சைஸை மட்டும் நம்பாதீங்க

கண் சொட்டு மருந்து பாட்டில் லேபிள் டிசைன் பண்றவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். 7 பாயின்ட் வச்சாச்சு, போதும்னு விட்றாதீங்க, ஏன்னா ஒரே 7 பாயின்ட்ல டைம்ஸ் நியூ ரோமன்ல சின்ன x எழுத்து சுமார் 1.1 மிமீ உயரம்தான் வரும், வெர்டானால கிட்டத்தட்ட 1.35 மிமீ வரும், கண்ணுக்குத் தெரியுறது அந்த உயரம்தான். ஐரோப்பிய வழிகாட்டுதல்லயே 7 பாயின்ட் இல்லன்னா x உயரம் 1.4 மிமீனுதான் சொல்லியிருக்காங்க, அதனால ஸ்கேல் வச்சு x-ஐ அளந்துடுங்க.

அடுத்தது ஏரியல்ல பெரிய I-யும் சின்ன l-உம் ஒரே குச்சி மாதிரி இருக்கும், பேட்ச் நம்பர்ல பக்கத்துல 1 வேற வந்தா கேக்கவே வேணாம். வெர்டானால I-க்கு மேலயும் கீழயும் கோடு இருக்கு, குழப்பம் இல்ல.

கலர் மேல வெள்ளை எழுத்துன்னா மெல்லிசான ஃபான்ட் வேண்டாம், மை பரவி கோடு அடைஞ்சுடும். நான் பண்றது இதான், Il1 0O 38 56-னு டைப் பண்ணி, பிரிண்ட் செட்டிங்ல 100% வச்சு அடிச்சு, அதை ஒரு தடவை ஜெராக்ஸ் எடுத்து, கண்ணாடி போடுற யார்கிட்டயாவது கண்ணாடி இல்லாம படிக்கச் சொல்லுவேன். 3-ஐ 8-னு படிச்சா ஃபான்ட மாத்திடுவேன். ஸ்க்ரீன்ல ஜூம் பண்ணிப் பாத்து ஓகே சொல்றது மட்டும் வேணவே வேணாம்.