ஜெர்மனியில் வாங்கிய 1.7, சென்னை ஹெச்.ஆர். கண்ணில் எப்படித் தெரியும்?

அக்கா மகன் ஜெர்மனியில் மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு வேளச்சேரிக்குத் திரும்பி வந்தான். ஒரகடம் பக்கம் உள்ள கம்பெனிகளுக்கு வரிசையாக விண்ணப்பித்தும் ஒரு மாதமாக ஒரு போன்கூட இல்லை. "மாமா, ஒருமுறை பாருங்களேன்" என்று ரெஸ்யூமை நீட்டினான். ஆள் எடுக்கும் வேலையிலேயே இருப்பவன் என்பதால் எனக்குப் பார்த்ததும் புரிந்தது. "M.Sc., CGPA: 1.7" என்று போட்டிருந்தான். அங்கே 1.7 நல்ல மதிப்பெண்தான். ஆனால் நம் ஊரில் அதைப் பத்துக்கு 1.7 என்றுதான் படிப்பார்கள்.

ஜெர்மன் பட்டத்தை இங்கே புரியும்படி எழுதும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் டிப்ளமா சப்ளிமென்டைத் தேடி எடுங்கள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துக் கொடுக்கும் தனி ஆவணம் இது. மொத்தம் எட்டுப் பகுதிகள். மூன்றாவது பகுதியில் படிப்பின் நிலையும் காலமும் இருக்கும், நான்காவதில் மதிப்பெண் முறை இருக்கும். நீங்களாக விளக்கம் எழுதுவதைவிட இதிலிருந்து எடுத்து எழுதுவதற்கு மதிப்பு அதிகம். கையில் இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் தேர்வு அலுவலகத்துக்கு மெயில் போட்டுக் கேளுங்கள்.

அடுத்து, ரெஸ்யூமில் அந்த வரியை மாற்றுங்கள். அவனுக்கு நான் எழுதிக்கொடுத்தது இது:

```
M.Sc. Mechanical Engineering, Germany
2 years full-time, 120 ECTS, after B.E.
Final grade: 1.7 (1.0 = best, 4.0 = pass)
```

மூன்று வரிக்கும் காரணம் உண்டு. நம் ஊரில் எம்.எஸ்ஸி. என்றாலே இயற்பியல், வேதியியல் என்று மனம் போய்விடும், பொறியியல் என்றால் எம்.இ., எம்.டெக். என்றுதான் எதிர்பார்ப்பார்கள். ஜெர்மனியில் பொறியியலுக்கே எம்.எஸ்ஸி. கொடுப்பது சாதாரணம். அதனால் பாடத்தின் பெயரை முழுதாக எழுதி, பி.இ.க்குப் பிறகு படித்தது என்பதையும் சேர்த்தோம். புரியட்டுமே என்று எம்.டெக். என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள், சான்றிதழில் இல்லாத பட்டம் சரிபார்ப்பில் பொய்யாகத்தான் தெரியும். 120 என்பது இரண்டு வருட முழுநேரப் படிப்பின் கிரெடிட் அளவு, வருடத்துக்கு 60. மூன்றாவது வரியில் உச்சம் எது, தேர்ச்சி எது என்று இரண்டும் இருப்பதால், எண் குறையக் குறைய நல்லது என்பது தானாகவே புரியும்.

அப்புறம்தான் உண்மையான தலைவலி: ஆன்லைன் படிவம். அதில் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கும், எண்ணைத் தவிர எதையும் ஏற்காது. அட்மிஷன் சமயத்தில் நம் மதிப்பெண்ணை ஜெர்மன் முறைக்கு மாற்றிய பவேரிய சூத்திரம் நினைவிருக்கும். அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். இங்கே தேர்ச்சி 5 என்று வைத்தால்:

```
10 - (1.7 - 1) × (10 - 5) ÷ 3 = 8.83
```

தேர்ச்சியை 4 என்று வைத்தால் அதே கணக்கு 8.6 தருகிறது. சூத்திரம் எதிர்த்திசைக்காக உருவானதும் அல்ல. அதனால் இதை அதிகாரப்பூர்வமான மதிப்பெண் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கட்டத்தில் குறைவானதைப் போடுங்கள், 8.6. குறிப்பு எழுத இடமிருந்தால் "அசல் மதிப்பெண் 1.7, இது என் தோராயக் கணக்கு" என்பதை ஆங்கிலத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ரெஸ்யூமில் 8.6 வரவே கூடாது, அங்கே அசல் மட்டும்தான்.

வெளிநாட்டுப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு இணையானது என்று காட்டும் சமநிலைச் சான்று வேண்டுமா? தனியார் கம்பெனிகளில் பெரும்பாலும் கேட்பதில்லை. அரசு வேலை, கல்லூரி ஆசிரியர் பணி என்றால் வேண்டியிருக்கும். இதை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வழங்கிவந்தது, 2025 ஏப்ரலில் யுஜிசியும் தனி விதிமுறை கொண்டுவந்தது. எந்தச் சான்று என்பதை வேலை அறிவிப்பில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கடைசியாக, பெயர். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக வந்து, ஜெர்மன் சான்றிதழில் அதுவே குடும்பப் பெயராக ஏறியிருக்கும். சரிபார்ப்பவருக்கு இரண்டு வேறு ஆட்கள் மாதிரி இருக்கும். ரெஸ்யூமில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதிவிட்டு, இனிஷியலின் விரிவை ஹெச்.ஆரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லாமல் ஜெர்மன் பல்கலைக்கழகம் தகவல் தரத் தயங்கும் என்பதால், ஒப்புதல் கடிதத்தையும் மாணவர் எண்ணையும் தயாராக வைத்திருங்கள். அக்கா மகனுக்கு ஆஃபர் வந்த பிறகு இந்த ஒரு கடிதத்துக்காகவே சேரும் தேதி மூன்று வாரம் தள்ளிப்போனது.